'ஐயா அவர்கள்' என்று போட்டால் மரியாதை வந்துவிடாது

ஓர் அறிஞரை மறுக்க வந்து, அவர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதும் கட்டுரை இந்த மாதத்தில் இது மூன்றாவது. மதுரையில் உட்கார்ந்து இருபது ஆண்டுகளாக ஆய்வேடுகளைத் திருத்துகிறேன், கீழடிக்குப் பிறகு இந்த ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. போன வாரம் ஒரு மாணவி கொண்டுவந்த கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம்: "பெருமதிப்பிற்குரிய கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் ஐயா அவர்கள், தமிழருக்கு எழுத்தறிவைக் கொடுத்தவர்கள் சமணர்களே என்று கூறி, கீழடியின் காலத்தைப் புறக்கணித்துவிட்டார்."

பணிவாகத்தானே எழுதியிருக்கிறேன் என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லம்மா. அடைமொழி மூன்று இருக்கிறது, பக்க எண் ஒன்றுகூட இல்லை. ஒருவரை 'ஐயா அவர்கள்' என்று எழுதிவிட்டு அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டுவதற்கு, வெறுமனே 'மகாதேவன்' என்று எழுதி அவர் சொன்னதைச் சரியாகச் சொல்வது எவ்வளவோ மேல். மரியாதை அடைமொழியில் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் எனக்குப் பெரிய தொல்லை. படிப்பவர் அடைமொழியைத் தாண்டிப் போய்விடுவார், அவர் மனதில் தங்குவது நீங்கள் தவறாகச் சொன்ன கருத்துதான்.

சரி, மகாதேவன் சொன்னது என்ன? 2003இல் வந்த அவருடைய பெரிய ஆங்கில நூலில், சமணமும் பௌத்தமும் தெற்கே பரவியதை ஒட்டி, கி.மு. 3ஆம் நூற்றாண்டு அளவில் பிராமி எழுத்து தமிழகம் வந்தது என்கிறார். ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. வந்த எழுத்தைத் தமிழ் ஒலிகளுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள், பக்கத்து நாடுகளில் பிராகிருதம் ஆட்சிமொழியாக இருந்தபோது இங்கே தமிழே இருந்தது, அதனால் எழுத்தறிவு சாதாரண மக்கள் வரைக்கும் போனது என்றும் வாதிடுகிறார். மாணவி எடுத்துக்கொண்டது முதல் பாதியை மட்டும். இரண்டாவது பாதி அவளுக்கே துணையாக நிற்கும் பாதி!

அடுத்தது 'புறக்கணித்தார்'. மகாதேவன் மறைந்தது 2018 நவம்பரில். கீழடியில் ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று சொன்ன தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை வெளியானது 2019 செப்டம்பரில். தன் காலத்தில் வெளிவராத ஒன்றை ஒருவர் எப்படிப் புறக்கணிப்பார்? 'கூறுகிறார்', 'கருதுகிறார்', 'ஊகிக்கிறார்', 'மறைக்கிறார்' எல்லாம் ஒன்றல்ல, ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு. அப்புறம் அந்த நூலுக்கு 2014இல் திருத்திய இரண்டாம் பதிப்பு உண்டு. எந்தப் பதிப்பை மறுக்கிறீர்கள் என்று எழுதாமல் மறுக்கவே கூடாது.

நன்னூல் எழுவகை மதத்தில், அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு கொள்கைகளில், ஒன்றாக 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு' என்று சொல்கிறது. முதலில் மேற்கொள்ள வேண்டும், பிறகுதான் களைவது. பழைய உரையாசிரியர்கள் 'என்பாரும் உளர்' என்று பெயர் சொல்லாமலே மறுத்துவிட்டுப் போகலாம், அவர்கள் காலத்து அவைக்கு யாரைச் சொல்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். நமக்கு அது ஆகாது, பெயரும் பதிப்பும் பக்கமும் வேண்டும்.

கடைசியில் இருவரும் உட்கார்ந்து மாற்றியது இது:

"பிராமி கி.மு. 3ஆம் நூற்றாண்டு அளவில் சமண, பௌத்தப் பரவலோடு தமிழகம் வந்தது என்பது மகாதேவன் முடிவு. தமிழே ஆட்சிமொழியாக இருந்ததால் எழுத்தறிவு இங்கே மக்களிடம் பரவியது என்றும் அவர் காட்டுகிறார். பின்னதை ஏற்கிறேன். முன்னதில் வேறுபடுகிறேன். அவர் மறைவுக்குப் பின் வெளியான கீழடி அறிக்கை, எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்த இடத்தில் கி.மு. 580 என்ற காலத்தைத் தருகிறது. இது மண்ணடுக்கில் கிடைத்த மாதிரியின் காலம், எழுத்தின் காலம் அல்ல. ஓடும் மாதிரியும் ஒரே அடுக்கைச் சேர்ந்தவை என்று உறுதியானால், அவர் கொண்ட காலத்தை இன்னும் பழமையானதாகக் கொள்ள வேண்டியிருக்கும்."

'உறுதியானால்' என்ற சொல்லை எடுத்துவிடலாமா, மறுப்பு வலுவாகத் தெரியுமே என்று கேட்டாள். கூடாது. அதை எடுத்தால், மகாதேவனை நன்றாகப் படித்த ஒருவர் அந்த ஓடு எந்த ஆழத்தில் கிடைத்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு மொத்தக் கட்டுரையையும் சாய்த்துவிடுவார்.

இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மறுப்பை எழுதுவதற்கு முன்னால், எதிர்க்கிற கருத்தை மட்டும் நாலு வரியில் எழுதி, அந்த அறிஞரை ஏற்றுக்கொள்கிற ஒருவரிடம் கொடுங்கள். 'ஆமாம், அவர் இதைத்தான் சொன்னார்' என்று அவர் சொன்ன பிறகு ஐந்தாவது வரியைத் தொடங்குங்கள்.