184-ம் 138-ம் சேர்ந்து 230 ஆவது எப்படி?

40 ஓம் மின்தடை ஒன்று, 95.5 மில்லிஹென்றி கம்பிச் சுருள் ஒன்று. இரண்டையும் தொடராக இணைத்து நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைக் கொடுத்தால், வோல்ட் மீட்டர் மின்தடையின் குறுக்கே 184 வோல்ட் காட்டும். சுருளின் குறுக்கே 138 காட்டும். கூட்டினால் 322 வருகிறது. கொடுத்ததோ 230 தான். பேட்டரி சுற்றில் இப்படி ஒருபோதும் நடக்காது. தொடரில் உள்ள பாகங்களின் மின்னழுத்தங்களைக் கூட்டினால் மூலத்தின் மின்னழுத்தம் வந்தே ஆக வேண்டும் என்பது கிர்காஃப் விதி.

விதி இங்கேயும் உடையவில்லை. அது ஒவ்வொரு கணத்துக்குமான விதி. மீட்டர் காட்டுவதோ ஒரு கணத்தின் மதிப்பு அல்ல. மீட்டர் ஓர் அலையின் ஆர்.எம்.எஸ். அளவை மட்டும் சொல்கிறது. அந்த அலை எப்போது உச்சத்துக்குப் போகிறது என்பதைச் சொல்வதில்லை. இரண்டு அலைகள் வெவ்வேறு நேரத்தில் உச்சம் தொட்டால் அவற்றின் அளவுகளை நேராகக் கூட்ட முடியாது.

அப்படியானால் எதைக் கூட்டுவது? இந்தச் சுற்றில் ஒரு வசதி இருக்கிறது. மின்தடையும் சுருளும் நேரியல் பாகங்கள். 50 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்தால் எல்லா இடத்திலும் 50 ஹெர்ட்ஸ் சைன் அலைதான் இருக்கும். இடத்துக்கு இடம் மாறுவது இரண்டே விஷயங்கள்: அலை எவ்வளவு பெரியது, எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது. அதாவது வீச்சும் கட்டமும். ஆகவே ஓர் அலையைக் குறிக்க இரண்டு எண்கள் போதும். இரண்டு எண்களை ஒன்றாகச் சுமக்கக்கூடியது ஒரு கலப்பெண். அதன் நீளம் அலையின் அளவு. அதன் கோணம் அலையின் கட்டம். இந்தக் கலப்பெண்ணைத்தான் ஃபேஸர் என்கிறோம். 1893-ல் சிகாகோவில் நடந்த சர்வதேச மின்சார மாநாட்டுக்காக சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் எழுதிய கட்டுரை இந்த முறையைப் பொறியாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இரண்டு எண்களை வைத்துக்கொள்ள வெறும் சோடி எண்களே போதுமே, கலப்பெண் எதற்கு என்று கேட்கலாம். சரியான கேள்வி. பதில் சுருளில் இருக்கிறது.

சுருளின் மின்னழுத்தம் மின்னோட்டத்தின் அளவைப் பொறுத்தது அல்ல, அது மாறும் வேகத்தைப் பொறுத்தது: v = L di/dt. அதனால் நம் சுற்றின் சமன்பாடு இப்படி அமைகிறது:

L di/dt + R i = 325 cos ωt

325 என்பது 230 வோல்ட்டின் உச்ச மதிப்பு. ω என்பது 2π × 50, சுமார் 314. cos-ஐ வகையிட்டால் sin, sin-ஐ வகையிட்டால் cos என்று இரண்டும் பின்னிக்கொள்வதால் இதை நேரடியாகத் தீர்ப்பது நீளமான வேலை. ஆனால் ஆய்லரின் சூத்திரப்படி cos ωt என்பது e^(jωt) என்ற கலப்பெண்ணின் மெய்ப்பகுதி. (மின்னோட்டத்துக்கு i போய்விட்டதால் √−1-ஐ மின்துறையில் j என்று எழுதுவார்கள்.) e^(jωt)-ஐ வகையிட்டால் அதுவே திரும்ப வருகிறது, முன்னால் jω என்ற பெருக்கலோடு. வகையிடுவது பெருக்குவதாகிவிட்டது. கலப்பெண்ணைப் பயன்படுத்துவதன் உண்மையான லாபம் இதுதான். j-ஆல் பெருக்குவது கோணத்தை 90 பாகை முன்னே திருப்பும். சுருளின் மின்னழுத்தம் மின்னோட்டத்தைவிடக் கால் சுழற்சி முந்துவதும் அதே 90 பாகைதான்.

இல்லாத கற்பனைப் பகுதியை நாமாகச் சேர்த்துக்கொள்ளலாமா? பாடங்களில் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். R, L இரண்டும் மெய்யெண்கள், சமன்பாடும் நேரியல். எனவே மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகவே பயணம் செய்யும். கடைசியில் மெய்ப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது நம் அசல் சமன்பாட்டின் தீர்வாகவே இருக்கும்.

இனி எல்லா உறுப்பிலும் பொதுவாக உள்ள e^(jωt)-ஐ அடித்துவிடலாம். மிஞ்சுவது (R + jωL) I = V. ஓமின் விதியேதான்; மின்தடையின் இடத்தில் Z = R + jωL என்ற இம்பீடன்ஸ் உட்கார்ந்திருக்கிறது.

நம் சுற்றில் ωL = 314.16 × 0.0955, அதாவது 30 ஓம். எனவே Z = 40 + j30. இதன் நீளம் √(40² + 30²) = 50 ஓம், கோணம் 36.87 பாகை. மூலத்தை 230 என்று கோணம் பூஜ்ஜியத்தில் வைத்துக்கொண்டு வகுப்போம்:

I = 230 / (40 + j30) = 3.68 − j2.76

இதன் நீளம் 4.6 ஆம்பியர், கோணம் −36.87 பாகை. இப்போது ஒவ்வொரு பாகத்தின் மின்னழுத்தமும்:

மின்தடை: 40 × I = 147.2 − j110.4
சுருள்: j30 × I = 82.8 + j110.4

இவற்றின் நீளங்கள் 184, 138. மீட்டர் காட்டிய அதே எண்கள். ஆனால் கலப்பெண்களாகக் கூட்டிப் பாருங்கள்: கற்பனைப் பகுதிகள் அடித்துக்கொண்டு போக, 147.2-ம் 82.8-ம் சேர்ந்து சரியாக 230. எந்தக் கணக்கிலும் கடைசியில் இப்படிக் கூட்டிச் சரிபார்ப்பது நல்லது. வழியில் எங்காவது குறி தவறியிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

நேரத்தின் மொழிக்குத் திரும்ப, நீளத்தை √2-ஆல் பெருக்கி உச்ச மதிப்பாக்கி, கோணத்தை cos-க்குள் போட வேண்டும். i(t) = 6.5 cos(314t − 0.6435). இங்கே 36.87 பாகையை ரேடியனாக மாற்றியிருப்பதைக் கவனியுங்கள். 314t ரேடியனில் இருக்கிறது. அதிலிருந்து பாகையைக் கழித்தால் விடை குப்பை. ஒரு சுழற்சிக்கு 20 மில்லிவிநாடி என்பதால், மின்னோட்டம் மூலத்துக்குச் சுமார் 2 மில்லிவிநாடி பிந்தி உச்சம் தொடும். மின்தடையின் மின்னழுத்தமும் அதோடு சேர்ந்தே பிந்தும். சுருளின் மின்னழுத்தமோ மூலத்துக்குச் சுமார் 3 மில்லிவிநாடி முன்பே உச்சத்தைத் தொட்டுவிடும்.

சுவிட்சைப் போட்ட கணத்திலிருந்தே இந்த விடை பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. தொடக்கத்தில் பூஜ்ஜியமாக இருந்த மின்னோட்டம் இந்த அலையோடு போய்ச் சேர ஒரு தற்காலிகப் பகுதி உண்டு, அது ஃபேஸரில் வராது. இங்கே L/R சுமார் 2.4 மில்லிவிநாடி என்பதால் ஒரு சுழற்சி முடிவதற்குள் அது தேய்ந்துவிடும். அதேபோல, இரும்பு உள்ளகம் பூரிதமாகும் சுருளிலும், டையோடு உள்ள சுற்றிலும் 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வேறு அதிர்வெண்கள் பிறக்கும். அங்கே ஒரே ஒரு ஃபேஸர் போதாது. நிஜச் சுருளில் கம்பியின் மின்தடையும் இருக்கும். அது 5 ஓம் என்றால் சுருளை 5 + j30 என்று எழுதினால் போதும், முறை மாறாது.

திறனைக் கணக்கிடும்போது தனிக் கவனம் வேண்டும். இரண்டு 50 ஹெர்ட்ஸ் அலைகளைப் பெருக்கினால் கிடைப்பது ஒரு நிலையான பகுதியும் ஒரு 100 ஹெர்ட்ஸ் அலையும். நாம் அடித்துப்போட்ட e^(jωt) பெருக்கலில் பொதுக் காரணியாக இருப்பதில்லை. அதனால் V-ஐயும் I-ஐயும் அப்படியே பெருக்கக் கூடாது. I-ன் கற்பனைப் பகுதியின் குறியை மாற்றிய இணையெண்ணால் பெருக்க வேண்டும். 230 × (3.68 + j2.76) = 846 + j635. மெய்ப்பகுதியான 846 வாட் மின்தடையில் வெப்பமாவது, 4.6² × 40 போட்டாலும் அதே எண்தான் வரும். 635 என்பது சுருளின் காந்தப் புலத்துக்கும் மூலத்துக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கும் ஆற்றலின் அளவு, 4.6² × 30. சராசரியாகப் பார்த்தால் அதில் செலவாவது எதுவுமில்லை. இருந்தாலும், அதைச் சுமப்பதால்தான் கம்பியில் 3.68 ஆம்பியருக்குப் பதிலாக 4.6 ஆம்பியர் ஓடுகிறது.