வெபினாரில் 501-வது ஆள் எவ்வளவு செலவு வைப்பார்?

வெபினார் திட்டத்தில் 500 பேர் என்று போட்டிருந்தால் 500 பேர்தான் பதிவு செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜூமில் அப்படியில்லை. நீங்களாக வரம்பு வைக்காவிட்டால் பதிவு 500-ஐத் தாண்டியும் போகலாம். ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களைத்தான் அந்த 500 குறிக்கிறது, யாராவது வெளியேறினால் அவருடைய இடம் அடுத்தவருக்குப் போகும். ஆனால் எல்லாத் தளங்களும் இப்படியில்லை, பதிவையே எண்ணிக் காசு வாங்கும் திட்டங்களும் உண்டு, அங்கே வராதவருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியதுதான்.

அடுத்த படிக்கு ஏறும்போது என்ன ஆகிறது? ஜூமின் படிகள் 500, 1,000, 3,000 என்று போகும். விலை அவ்வப்போது மாறும், ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் இருந்த மாத விலைப் பட்டியலில் 500 பேருக்கு 79 டாலர், 1,000 பேருக்கு 340 டாலர். மொத்தமாக வாங்கினால் மலிவாகும் என்பதுதானே சந்தை வழக்கம்? இங்கே தலைகீழ். ஓர் இருக்கைக்கு 16 சென்ட் போல இருந்தது 34 சென்ட் ஆகிவிடுகிறது.

சரி, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். போன தடவை 1,100 பேர் பதிந்தார்கள், வந்து போனவர்கள் 450, ஒரே நேரத்தில் அதிகபட்சம் 380 பேர் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது 380தான், 450 இல்லை. நிகழ்ச்சி முடிந்தபின் எடுக்கும் அறிக்கையில் Max Concurrent Views என்ற தலைப்பில் இது கிடைக்கும். பதிந்தவர்களில் கிட்டத்தட்ட 35 சதவீதம். இந்தத் தடவை 1,500 பேர் பதிந்தால் உச்சத்தில் 520 பேர் வரலாம்.

அதாவது 20 பேருக்கு இடம் இல்லை. படி ஏறினால் கூடுதலாக 261 டாலர், ஆளுக்கு 13 டாலருக்கு மேல்! ஏறாவிட்டால், கடைசியில் வருபவர்களுக்கு இடம் நிரம்பிவிட்டது என்ற செய்திதான் வரும். நடுவழி ஒன்று உண்டு, அதே நிகழ்ச்சியை யூடியூபில் நேரலையாக விட்டு மிச்சப்பேரை அங்கே அனுப்பலாம். ஆனால் ஜூமின் கேள்வி பதில் பகுதியும் வாக்கெடுப்பும் அவர்களுக்குக் கிடைக்காது. கட்டணம் வாங்கி நடத்தும் வகுப்பென்றால் இது சரிவராது, படி ஏறியே ஆகவேண்டும். மாதச் சந்தா என்றால் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் ஏறி, அப்புறம் இறங்கிக்கொள்ளலாம்.

அந்த 35 சதவீதத்தையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது நினைவூட்டல் அனுப்பினால் அது கூடலாம். ஒரே ஆள் போனிலும் லேப்டாப்பிலும் சேர்ந்து நுழைய அனுமதித்திருந்தால் இரண்டு இடம் போய்விடும். பதிவு அமைப்புகளிலேயே அதை நிறுத்தி வைக்கலாம், 20 பேர் குறைகிற இந்த மாதிரிச் சமயத்தில் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.