மெலடோனினும் 'உறக்க ஊக்கி'யும்

இரவில் உடலில் சுரக்கும் ஹார்மோனான மெலடோனினைத் தமிழில் 'உறக்க ஊக்கி' என்று எழுதுவதை இந்த மாதம் மூன்றாவது தடவையாகப் பார்த்துவிட்டேன். மெலடோனின் என்ற சொல்லின் கதை சின்னது: 1958இல் ஆரோன் லெர்னர் மாட்டின் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார், தவளைத் தோலின் கருமையை இது வெளிறச் செய்ததால் 'கருப்பு' எனப் பொருள்படும் கிரேக்க வேரோடு செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளின் பெயர் வாலை ஒட்டிப் பெயர் வைத்தார். பெயரில் தூக்கமே கிடையாது.

சரி, வேலையிலாவது உண்டா? எலிக்கும் இது இரவில்தான் சுரக்கிறது, எலியோ அப்போதுதான் சுறுசுறுப்பாக ஓடுகிறது. உறக்கத்தை ஊக்குவது என்றால் எலி ஏன் தூங்கவில்லை? இது உடலுக்கு "இருட்டிவிட்டது" என்று சொல்லும் சேதி, அவ்வளவுதான். அதனால் நான் 'இருட்சுரப்பு' என்கிறேன். கேட்க முரடாக இருந்தாலும் பொய் சொல்லாத சொல்.

சொல் தப்பினால் மருந்தும் தப்பும். தெரிந்த வீட்டில் பிளஸ் டூ பையன் ஒருவன், சரியான ராக்கோழி. படுக்கையில் எப்போது விழுந்தாலும் இரண்டு மணிக்குத்தான் கண் அசரும், விடுமுறையில் பத்து மணிவரை நன்றாகத் தூங்குவான். தூக்கம் கெடவில்லை, உடலின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. பருவ வயதில் இது சகஜம். அவன் அம்மா முதலில் கேட்டது நிஜத் தூக்க மாத்திரை. அது மூளையை மந்தமாக்கும், கடிகார முள்ளை நகர்த்தாது. காலை வகுப்பில் தலை கனக்கும், போகப்போகப் பழக்கமாகிவிடும், நிறுத்தினால் பழைய இரண்டு மணிதான்.

அப்புறம் மருத்துவர் மெலடோனின் எழுதினார். 'உறக்க ஊக்கி'தானே என்று பதினொரு மணிக்குப் படுக்கும்போது கொடுத்தார்கள், பெரிய பலன் இல்லை. இரண்டு மணிக்குத் தூங்குகிறவனுக்குச் சொந்தச் சுரப்பு ஏறக்குறைய நள்ளிரவில் தொடங்கும். அதற்கு மூன்று நான்கு மணி முன்னால், எட்டு ஒன்பது மணிக்கு, அரை மில்லிகிராம் அளவு போனால்தான் கடிகாரம் "ஓ, இன்று சீக்கிரம் இருட்டிவிட்டதே" என்று முன்னே நகரும். தூக்கம் முன்னேற முன்னேற மாத்திரை நேரத்தையும் முன்னே இழுக்க வேண்டும். விடிந்தபின் போட்டால் நேர்மாறு, கடிகாரம் இன்னும் பின்தங்கும்.

வெளிச்சத்திலும் இதே கணக்கு. பத்து மணிக்கு எழுகிறவனை ஆறு மணிக்கே வெயிலில் நிறுத்தினால் அவன் உடலுக்கு அது நடுநிசி வெளிச்சம், இன்னும் தாமதமாக்கும். முதலில் பத்து மணி வெயில், பிறகு அரை அரை மணியாக முன்னால்.

'ஊக்கி' என்று எழுதுகிறவர்களுக்கு இந்த எட்டு மணி எங்கே தெரியப்போகிறது? அகராதியில் பாதியும் விளம்பரத்தில் மீதியும் பார்த்து மொழிபெயர்க்கிறார்கள். 'இருட்சுரப்பு' பிடிக்காவிட்டால் மெலடோனின் என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.