பச்சை டிக் வந்துவிட்டது, பக்கம் பேசவில்லை

பிடிஎஃப் ஆவணங்களைப் பார்வையற்றவர்களும் படிக்கும்படி சரிசெய்து தருவதுதான் என் வேலை. போன மாதம் 26 பக்க வழிகாட்டி ஒன்று வந்தது, ஒரு விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று விளக்குவது. கூடவே, பிடிஎஃப்பைத் திருத்தும் அக்ரோபேட் மென்பொருளில் உள்ள செக்கர் தந்த அணுகல்தன்மை ரிப்போர்ட். Failed என்ற இடத்தில் பூஜ்ஜியம். "எல்லாம் முடிந்துவிட்டது, சும்மா ஒரு முறை பார்த்துவிடுங்கள்" என்று மெயிலில் ஒரு வரி.

எங்கள் குழுவில், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் திரை வாசிப்பானை வைத்துச் சோதிக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார், அவருக்குப் பார்வை கிடையாது. எட்டாம் பக்கம் வரை கேட்டவர் அதற்கப்புறம் நிமிர்ந்து, "அண்ணா, நடுவுல வெறும் பேப்பரா குடுத்திருக்காங்க?" என்றார். வெறும் பேப்பர் இல்லை. 9 முதல் 14 வரையிலான பக்கங்கள் செய்தித்தாள் போல அருகருகே இரண்டு பத்திகளில் நெருக்கி எழுதப்பட்டவை. விண்ணப்பத்தோடு எந்தெந்தச் சான்றிதழ்களை இணைக்க வேண்டும் என்பது முழுவதும் அங்கேதான் இருந்தது. கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு இல்லை.

நடந்தது இதுதான். இது தலைப்பு, இது அட்டவணை என்று திரை வாசிப்பானுக்குச் சொல்லும் டேக்குகள் அந்தப் பக்கங்களில் குளறுபடியாகி, ரிப்போர்ட்டில் சிவப்பு சிவப்பாக வந்திருக்கிறது. யாரோ ஒருவர் பக்கத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து Background/Artifact என்ற பொத்தானை அழுத்திவிட்டார். அதற்குப் பொருள், "இது வெறும் அலங்காரம், வாசிக்க வேண்டாம்" என்பது. அலங்காரத்தில் குறை காண செக்கருக்கு என்ன இருக்கிறது? சிவப்பு மறைந்தது. உள்ளே இருந்த 11 படங்களுக்கும் இதே கதைதான். படத்தில் என்ன இருக்கிறது என்று காதுக்குச் சொல்லும் மாற்று உரையை எழுதச் சொல்லிக் கேட்கும் பெட்டியில் Decorative figure என்று ஒரு கட்டம் இருக்கும். பதினொன்றிலும் டிக். அதில் ஒன்று, கட்டணம் செலுத்தும் படிகளைக் காட்டும் வரைபடம்!

இந்த வருடத்தில் இப்படி வந்த ஆவணங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். அதனால் ஒரே விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செக்கர் உங்கள் ஆவணத்தைப் படிப்பதில்லை. ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா? "image1.jpg" என்று இருக்கிறது. சரி, Passed. ஆவணத்துக்கு மொழி குறித்திருக்கிறதா? குறித்திருக்கிறது, ஆங்கிலம் என்று. உள்ளே முழுவதும் தமிழ். அதுவும் Passed. ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளின் மேல் தடுக்கி விழும்போது கேட்பவர் படும் பாடு ரிப்போர்ட்டில் வராது. இன்னும் மோசமானது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணம். திரையில் "தமிழ்" என்று அழகாகத் தெரியும், உள்ளே இருப்பது `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகள். திரை வாசிப்பான் வாசிப்பது அதைத்தான். செக்கருக்கு அவை ஒழுங்கான எழுத்துகள்தான், குறை சொல்லாது. சந்தேகமாக இருந்தால் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், பத்து நொடியில் தெரிந்துவிடும்.

இது செக்கரின் குற்றமும் இல்லை. எல்லோரும் அணுகும்படியான பிடிஎஃப்புக்கென்று உள்ள பிடிஎஃப்/யுஏ தரத்தைச் சோதிக்க மேட்டர்ஹார்ன் நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது. பிழை நேரக்கூடிய 136 நிலைகளை அது பட்டியலிடுகிறது. அவற்றில் 47-ஐப் பொதுவாக மனிதர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. அக்ரோபேட்டும் மறைப்பதில்லை. Logical Reading Order, Color contrast என்ற இரண்டு வரிகளில் எந்த ஆவணமானாலும் Needs manual check என்றுதான் வரும். அது பிழை இல்லை, "நீ பார்" என்ற வேண்டுகோள். நீங்களோ பார்க்காமலேயே வலது கிளிக் செய்து Pass கொடுக்கிறீர்கள்.

சரி, ரிப்போர்ட்டை எங்கிருந்து படிப்பது? மேலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போகாதீர்கள். முதலில் மூன்று வரிகளை மட்டும் பாருங்கள்: Accessibility permission flag, Image-only PDF, Tagged PDF. முதலாவது தோற்றால் பாதுகாப்பு அமைப்பு திரை வாசிப்பானைத் தடுக்கிறது, அந்தப் பூட்டை எடுங்கள். இரண்டாவது தோற்றால் கையில் இருப்பது ஸ்கேன் செய்த படம், படத்தில் உள்ளதை எழுத்தாக மாற்றும் எழுத்துணரியை ஓட்டும்வரை வேறு எதையும் தொட வேண்டாம். மூன்றாவது தோற்றால் கீழே மாற்று உரை, அட்டவணை, தலைப்பு என்று பல இடங்களில் சிவப்பு இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை தனித்தனி நோய்கள் இல்லை, டேக் இல்லை என்ற ஒரே நோயின் அறிகுறிகள். டேக் வந்தபின் ரிப்போர்ட்டை மறுபடி ஓட்டுங்கள். அப்போது மிஞ்சுவதுதான் உண்மையான பட்டியல்.

அந்தப் பட்டியலிலும் வரிசை முக்கியம். காரணம், பின்னால் செய்வது முன்னால் செய்ததை அழித்துவிடும். ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாப் படங்களுக்கும் மாற்று உரை எழுதினார். மூன்றாம் நாள் தலைப்புகள் சரியில்லை என்று தானியங்கி டேக்கிங்கை மறுபடி ஓட்டினார். அது பழைய டேக்குகளைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போடும். மாற்று உரை அந்த டேக்குகளோடு போய்விட்டது. "அக்ரோபேட் சாப்பிட்டுவிட்டது" என்று என்னிடம் புகார் வேறு.

ஆகவே என் முதல் கேள்வி எப்போதும், "மூலக் கோப்பு இருக்கிறதா?" என்பதுதான். இந்த வழிகாட்டிக்கு வேர்ட் கோப்பு இருந்தது. கேட்ட பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள், அதுவரை யாரும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் தலைப்பு என்று ஒன்றுகூட இல்லை. எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். முதலில் எல்லாவற்றுக்கும் Heading 1, Heading 2 என்று பாணி கொடுத்தேன். இரண்டு பத்திகளை ஸ்பேஸும் டேபும் தட்டி உருவாக்கியிருந்தார்கள், அதனால்தான் டேக்கிங் இடதும் வலதுமாகத் தாவியிருக்கிறது. அதைக் கலைத்து Columns அமைப்பில் போட்டேன். வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்த அடிக்குறிப்புகளைக் கருமையாக்கினேன். சாதாரண எழுத்துக்கு வேண்டிய நிற வேறுபாடு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. இதை மூலத்தில் மாற்றினால் ஒரு நிமிடம், பிடிஎஃப்பில் மாற்றினால் தலைவலி. படங்களுக்கு மாற்று உரையையும் வேர்டிலேயே எழுதினேன். அங்கே எழுதினால் எத்தனை முறை ஏற்றுமதி செய்தாலும் கூடவே வரும்.

அப்புறம் Save As வழியாக பிடிஎஃப் எடுத்தேன். Options-இல் Document structure tags for accessibility என்பதில் டிக் இருக்க வேண்டும். தயவுசெய்து Print கொடுத்து பிடிஎஃப் எடுக்காதீர்கள். பிரிண்ட் என்பது காகிதத்துக்கானது, நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட தலைப்பும் அட்டவணையும் அங்கே வெறும் மையாகிவிடும். இதை எத்தனை பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

புதிய ரிப்போர்ட்டில் மூன்று சிவப்பு மட்டும் மிஞ்சின. Title தோற்றிருந்தது. பெயர் கொடுத்தால் மட்டும் போதாது, Document Properties-இல் Initial View பகுதிக்குப் போய் Show என்பதை Document Title என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் திரை வாசிப்பான் "ஃபைனல் நியூ 3 கரெக்டட்" என்று கோப்பின் பெயரைத்தான் அறிவிக்கும். அதே பெட்டியில் Advanced பகுதியில் மொழியையும் பார்த்துவிடுங்கள். எனக்கு அங்கே ஆங்கிலம் என்று இருந்தது, செக்கர் அதற்கு டிக் போட்டிருந்தது. `ta` என்று தட்டினேன்.

இரண்டாவது Bookmarks. 21 பக்கமோ அதற்கு மேலோ இருந்தால் செக்கர் இதைக் கேட்கும். தலைப்புகள் ஒழுங்காக இருந்ததால் Bookmarks பலகத்தில் New Bookmarks from Structure கொடுத்ததும் வந்துவிட்டது. தலைப்புகளைச் சரிசெய்வதற்கு முன்னால் இதைச் செய்திருந்தால் இருபத்தாறு பக்கத்துக்கும் கையால் போட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது Regularity. ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் விதி இது. கட்டண அட்டவணையில் "பொதுப் பிரிவு" என்ற கட்டத்தை அழகுக்காக மூன்று வரிசைக்கு இணைத்திருந்தார்கள். கணக்கு உதைத்தது. பிடிஎஃப்பில் அந்தக் கட்டத்துக்கு RowSpan 3 என்று குறித்தும் சரிசெய்யலாம். நான் வேர்டுக்கே திரும்பிப் போய் இணைப்பைப் பிரித்து, மூன்று வரிசையிலும் அந்தச் சொல்லை எழுதினேன். கேட்பவருக்கு அதுதான் நல்லது, "எந்தப் பிரிவு?" என்று மேலே போய்த் தேட வேண்டியதில்லை. மறுபடி ஏற்றுமதி செய்ததால் Title, மொழி, புக்மார்க் மூன்றையும் இன்னொரு முறை செய்ய வேண்டி வந்தது. எனக்கும் இது நடக்கும். ரிப்போர்ட்டை முழுக்கப் படித்துவிட்டு, எதற்கு மூலம், எதற்கு பிடிஎஃப் என்று பிரித்த பிறகே கை வைத்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் Tags பலகத்தைத் திறந்து முதல் டேக்கில் நின்று கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனேன். பக்கத்தில் எது ஒளிர்கிறது, எந்த வரிசையில் ஒளிர்கிறது என்று கண் பார்க்க வேண்டும். Order பலகத்தில் எண்களைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், திரை வாசிப்பான் பொதுவாகப் பின்பற்றுவது டேக்குகளின் வரிசையை. Order-ஐ இழுத்து மாற்றப் போய், பின்னணி நிறம் மேலே வந்து எழுத்தை மூடிவிடுவதும் உண்டு. 26 பக்கத்துக்கு இந்த நடை இருபது நிமிடம். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி பத்திக்கு நடுவில் புகுந்திருந்தது, அதைக் கீழே நகர்த்தினேன். செக்கர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தம்பியிடம் மறுபடி கொடுத்தேன். இந்த முறை பக்கம் பக்கமாகக் கேட்கவில்லை, H விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவி நேராக "இணைக்க வேண்டிய சான்றிதழ்கள்" என்ற இடத்தில் நின்றார். "இதுல மூணாவது சான்றிதழ் போன வருஷமே வேண்டாம்னு சொல்லிட்டாங்களே அண்ணா" என்றார்.