கோட்டின் நுனியில் பெயர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தின் சுவரில் ஒரு வரைபை ஒட்டியிருந்தேன். ஓர் ஆள் நாளுக்குச் சராசரியாக எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்பது மாதவாரியாக, நான்கு டிவிசன்களுக்கு நான்கு நிறக் கோடுகள். எந்த நிறம் எந்த டிவிசன் என்பது மேல் மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருந்தது. கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற ஒரு அக்கா பச்சைக் கோட்டின் மேல் விரலை வைத்தார். பெட்டியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். விரலை மட்டும் எடுக்கவே இல்லை.

"தம்பி, இதுல நம்ம கீழ் டிவிசன் எது?"

அந்த விரல் ஏன் அங்கேயே இருந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் கண் எல்லா இடத்தையும் ஒரே கூர்மையுடன் பார்ப்பதில்லை. கையை நீட்டிப் பெருவிரலைப் பார்த்தால் அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு இடம்தான் எழுத்து வாசிக்கும் தெளிவுடன் தெரியும். மற்றதெல்லாம் மங்கல். கோட்டிலிருந்து பெட்டிக்குப் போக வேண்டுமானால் கண் தாவ வேண்டும், தாவும்போது கோடு அந்தத் தெளிவை விட்டு வெளியே போய்விடும். அதனால் "பச்சை, நடுவில் இருந்தது" என்று மனதில் பிடித்துக்கொண்டு போகிறோம். பெட்டியில் பச்சையைத் தேடி, பெயரை வாசித்து, திரும்பி வந்து விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறோம். ஒரே நேரத்தில் மனதில் நிற்பது மூன்று நான்கு விஷயங்கள்தான். அந்த இடத்தை நிறங்களும் பெயர்களும் பிடித்துக்கொண்டால், கொழுந்து ஏன் குறைந்தது என்று யோசிக்க என்ன மிஞ்சும்? நினைவு செய்ய வேண்டிய வேலையை அந்த அக்காவின் விரல் செய்துகொண்டிருந்தது.

பெயரைக் கோட்டின் வலது நுனிக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டால் இந்தப் பயணமே தேவையில்லை. அருகருகே இருப்பவற்றை ஒரே பொருளாக எடுத்துக்கொள்வது கண்ணின் இயல்பு. நிறம் செய்த வேலையை இப்போது இடம் செய்கிறது. போட்டோகொப்பி எடுத்தாலும் இந்தப் பிணைப்பு அறுவதில்லை. சிவப்பும் பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடலாம். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு அசல் தாளிலும் அந்தச் சிரமம்தான். இது புது யோசனையும் அல்ல. 1786இல் வில்லியம் பிளேஃபேர் அச்சிட்ட வணிக வரைபுகளிலேயே ஏற்றுமதி, இறக்குமதி என்று கோட்டின் மேலேயே எழுதியிருக்கிறார்.

எக்செலில் கோட்டை ஒருமுறை சொடுக்கினால் முழுக் கோடும் தேர்வாகும். கடைசிப் புள்ளியை இன்னொரு முறை சொடுக்கினால் அது மட்டும். அதற்கு `Data Label` சேர்த்து, `Series Name` என்பதைத் தெரிவுசெய்து, `Value` என்பதை நீக்கலாம். பெயருக்கு வலப்பக்கம் இடம் வேண்டும் என்பதால் வரைபின் உட்பகுதியைக் கொஞ்சம் ஒடுக்க வேண்டும்.

சிக்கல் அப்புறம்தான் வந்தது. டிசம்பரில் மேல் டிவிசன் 21 கிலோ, நடு டிவிசன் 19.5, கீழ் டிவிசன் 19.2 என்று வைத்துக்கொள்வோம். தாளில் 1 கிலோவுக்கு 5 மில்லிமீட்டர் உயரம். நடுவுக்கும் கீழுக்கும் இடைவெளி வெறும் 1.5 மில்லிமீட்டர். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் வரும். என் எழுத்தளவுக்கு வரிக்கு வரி 4.5 மில்லிமீட்டராவது தேவைப்பட்டது. ஆக இரண்டு பெயர்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டன. இன்னும் 3 மில்லிமீட்டர் போதவில்லை. அதைப் பாதியாகப் பிரித்து ஒன்றை 1.5 மேலே, மற்றதை 1.5 கீழே நகர்த்தினேன். மேல் டிவிசனின் பெயருக்கு இன்னும் 6 மில்லிமீட்டர் இருந்ததால் அதைத் தொடவில்லை. நகர்த்திய பெயரிலிருந்து கோட்டின் நுனிக்கு மெல்லிய இழை ஒன்று. பெயர்களின் மேல்கீழ் வரிசை நுனிகளின் வரிசையோடு ஒத்திருக்க வேண்டும். அது மாறினால் இழைகள் ஒன்றையொன்று வெட்டும், படம் பொய் சொல்லும்.

நான்காவது கோடு புதுமலை டிவிசன். அங்கே செப்டம்பரில் கவ்வாத்து வெட்டியதால் கொழுந்து இல்லை, கோடும் அங்கேயே நின்றது. அதன் பெயரை மற்றவற்றோடு வலப்பக்கம் அடுக்கினால் பெயருக்கும் கோட்டுக்கும் நடுவே மூன்று மாத வெற்றிடம். அதனால் செப்டம்பரிலேயே, கோடு நின்ற இடத்திலேயே எழுதி, பக்கத்தில் "கவ்வாத்து" என்றும் சேர்த்தேன். பெட்டியில் அந்தச் சொல்லுக்கு இடமே இருந்திருக்காது.

நுனிப் பெயரால் தீராத இடமும் உண்டு. ஜூன், ஜூலை மழையில் நடுவும் கீழும் இரண்டு முறை குறுக்கே போயின. அங்கே எது எது என்று நுனியிலிருந்து பின்னோக்கிப் பிடித்து வந்தால் வழி தவறுகிறது. கோடுகள் நன்றாகப் பிரிந்திருக்கும் மார்ச்சில் இன்னொரு முறை பெயரை எழுதிப் பார்த்தேன், ஓரளவு உதவியது. ஏழெட்டுக் கோடுகள் இப்படிப் பின்னிக் கிடந்தால் அதுவும் போதாது. ஒரே அளவுகோலில் டிவிசனுக்கு ஒரு சிறு வரைபாகப் பிரித்து, பெயரை ஒவ்வொன்றின் தலையிலும் போடுவேன்.

புதிய தாளை ஒட்டிய அன்று அதே அக்கா வந்தார். "நம்மது ஜூலையில இவ்வளவு விழுந்திருக்கே" என்றார். விரல் கூடையின் கயிற்றில் இருந்தது.