மெட்டா 62, கூகுள் 41, கடைக்கு வந்த ஆர்டர் 78

போன மாசம் மட்டும் இது மூணாவது கேஸ், அதான் எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். செங்கோட்டை பக்கம் ஒரு அண்ணாச்சி, கருப்பட்டியும் சுக்குக்காப்பிப் பொடியும் வெப்சைட்ல விக்கிறார், தமிழ்நாட்டுக்கு தமிழ்ல ஒரு விளம்பரம், புளியரை தாண்டி அந்தப் பக்கத்துக்கு மலையாளத்துல ஒண்ணு. "தம்பி, ஒரு ஆர்டருக்கு 262 ரூபாதான் விளம்பரச் செலவு, எனக்கு 380 நிக்குது, ஆனா கையில காசு தங்க மாட்டேங்குதே"ன்னு போன் போட்டார்.

262 எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். அந்த வாரம் மெட்டாவுக்கு 18,000, கூகுளுக்கு 9,000, மொத்தம் 27,000. மெட்டா 62 ஆர்டர்னு சொல்லுது, கூகுள் 41னு சொல்லுது, ரெண்டையும் கூட்டி 103ஆல வகுத்துட்டார். அண்ணாச்சி, கடையில அந்த வாரம் வந்த ஆர்டரே 78தானே! மீதி 25 எங்கேருந்து வந்துச்சு?

இதைத்தான் நான் எத்தனை தடவை சொல்றது. ரெண்டு பிளாட்ஃபார்ம் எண்ணையும் கூட்டவே கூடாது. மெட்டா தானா வச்சிருக்கிற கணக்குப்படி, விளம்பரத்தை க்ளிக் பண்ணி 7 நாளுக்குள்ள வாங்கினாலும் அதோட ஆர்டர், சும்மா பாத்துட்டு 1 நாளுக்குள்ள வாங்கினாலும் அதோட ஆர்டர். கூகுள் விளம்பரத்துல க்ளிக்குக்கு அப்புறம் 30 நாள் வரைக்கும். புனலூர்ல ஒரு அக்கா திங்கக்கிழமை மெட்டா விளம்பரத்தைப் பாத்து தொட்டுட்டு, புதன்கிழமை கூகுள்ல கடை பேரைத் தேடி அங்க வந்த விளம்பரத்தையும் தொட்டு வாங்கினாங்கன்னா ரெண்டு பேரும் "என்னால வந்துச்சு"ன்னு எழுதிப்பாங்க. யாரும் பொய் சொல்லல, ஒருத்தர் கணக்கு இன்னொருத்தருக்குத் தெரியாது, அவ்ளோதான். ஒரு கல்யாணத்தை நான்தான் முடிச்சு வச்சேன்னு ரெண்டு தரகரும் கமிஷன் கேட்டா கல்யாணம் ரெண்டாயிடுமா?

அதனால செலவை மட்டும் பிளாட்ஃபார்ம்ல எடுங்க, ஆர்டரை உங்க வெப்சைட் ஆர்டர் லிஸ்ட்ல எடுங்க. ரெண்டையும் எதை வச்சு இணைக்கிறதுங்கிறதுதான் அடுத்த தலைவலி. எந்த கேம்பெய்ன்லேருந்து வந்தாங்கன்னு காட்டுற utm பேரை லிங்க்ல போட்டு இணைக்கலாம், ஆனா இவர்கிட்ட ஒரே கேம்பெய்னுக்கு Kerala, kerala, KL_onamனு மூணு பேர் (அனலிடிக்ஸ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வேற வேறதான்), பாதி ஆர்டர்ல பேரே இல்ல. ஆனா பின்கோடு இல்லாம பார்சல் போகாது இல்லையா! விளம்பரமும் மாநிலவாரியாத்தான் ஓடுது, கேரள பின்கோடு 67, 68, 69ல ஆரம்பிக்கும், நம்மது 60லேருந்து 64. அப்புறம் என்ன, வாரமும் மாநிலமும் வச்சு இணைச்சாச்சு.

orders ஷீட்ல A தேதி, B பின்கோடு, C நிலைமை. D-ல அந்த வாரத்தோட திங்கக்கிழமை, E-ல மாநிலம்:

```
=A2-WEEKDAY(A2,3)
=IF(VALUE(LEFT(B2,2))>=67,"KL","TN")
```

(வேற மாநிலத்துக்கும் அனுப்புறவங்க ரெண்டாவதை மாத்திக்கணும்.) இன்னொரு ஷீட்ல A வாரம், B மாநிலம், C செலவு, D-ல கைக்குப் போய்ச் சேர்ந்த ஆர்டர்:

```
=COUNTIFS(orders!D:D,A2,orders!E:E,B2,orders!C:C,"delivered")
```

C-யை D-ஆல வகுங்க, டேஷ்போர்டு முடிஞ்சுது. கலர் கலரா வட்டம் எல்லாம் வேணாம், ப்ளீஸ்.

அண்ணாச்சிக்குப் போட்டுப் பாத்தோம். 78ல 14 கேஷ் ஆன் டெலிவரி பார்சல் திரும்பி வந்திருக்கு, போய்ச் சேர்ந்தது 64தான், அப்போ ஒண்ணுக்கு 422 ரூபா. 78ஆல வகுத்தா 346, லாபம் மாதிரி தெரியும், ஏமாந்துடாதீங்க. மாநிலம் பிரிச்சதும்தான் விஷயமே வெளிய வந்துச்சு: தமிழ்நாடு 12,000 செலவு, 37 ஆர்டர், 34 சேர்ந்துச்சு, 353 ரூபா. கேரளா 15,000 செலவு, 41 ஆர்டர், 30தான் சேர்ந்துச்சு, 500 ரூபா! திரும்பின பார்சலோட கூரியர் காசு இதுல சேரவே இல்ல. வாட்ஸ்அப்ல வழக்கமா வாங்குறவங்க ஆர்டரும் இந்த 78க்குள்ளதான் இருக்கு, அதைக் கழிச்சா இன்னும் மோசமாத்தான் இருக்கும்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, ஷீட்ல இந்த வாரத்துக்கான வரியை இந்த வாரமே பாத்து முடிவெடுக்காதீங்க. பார்சல் இன்னும் வழியில இருக்கும், செலவு முழுசா ஏறியிருக்கும், அதனால எப்பவும் பயங்கரமாத்தான் தெரியும். ரெண்டு வாரம் முந்தின வரியைத்தான் பாக்கணும். திங்கக்கிழமை ஒரு அரைமணி நேரம் போதும்.

கேரளா விளம்பரத்தை நிறுத்திடவான்னு அண்ணாச்சி கேட்டார். இருங்கன்னு சொல்லிட்டு, திருப்பி அனுப்பின 11 பேர்ல கிடைச்ச 6 பேருக்கு எங்க ஆபீஸ்ல இருக்கிற மலையாளப் பொண்ணை விட்டுப் பேசச் சொன்னேன். பணம் எவ்வளவு தயாரா வைக்கணும், பார்சல் எப்ப வரும்னு போன மெசேஜ் முழுக்க தமிழ் எழுத்துல இருந்திருக்கு, நாலு பேர் அதைப் படிக்கவே இல்ல. விளம்பரம் மலையாளத்துல, மெசேஜ் தமிழ்ல! இப்ப மாத்திட்டோம், அந்த வாரத்தோட வரி முழுசாக இன்னும் ஒன்பது நாள் இருக்கு, அண்ணாச்சி அதுக்குள்ள ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்.