கட்டை விரல் அளவுக்கு ஒரு ஓட்டை

விரல் சூப்புற குழந்தைகிட்ட "கடைவாய்ப் பல்லை நல்லா கடிச்சுக்கிட்டு ஈன்னு காட்டு"ன்னு சொல்லிப் பாருங்க. பின்னாடி பல்லெல்லாம் சேர்ந்துதான் இருக்கும், ஆனா முன்னாடி மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவுல ஒரு ஓட்டை தெரிஞ்சா, அதுக்குள்ள அந்தக் குழந்தையோட கட்டை விரல் அச்சு அசலா பொருந்தும். பல் டாக்டருங்க இதை ஓப்பன் பைட்னு சொல்லுவோம். வலது கை விரல்னா ஓட்டை பெரும்பாலும் வலது பக்கம் கொஞ்சம் பெருசா இருக்கும், அதனால எந்தக் கைன்னு கேக்காமலேயே பல நேரம் சொல்லிடலாம். சந்தேகம்னா ரெண்டு கட்டை விரலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, சூப்புற விரல் மட்டும் பளிச்சுன்னு சுத்தமா, சில சமயம் மேல ஒரு காய்ப்போட இருக்கும்.

நாலரை வயசுப் பொண்ணு ஒருத்தியை எடுத்துக்குவோம். வலது கட்டை விரல். முன்னாடி ஓட்டை 4 மில்லிமீட்டர், மேல் முன்பல் ரெண்டும் லேசா எத்தல். அம்மா சொல்றது என்னன்னா, "தூங்குறப்ப மட்டும்தான் டாக்டர், பகல்ல டிவி பாக்குறப்ப ஒரு அரை மணி நேரம், அவ்வளவுதான், இதுக்கா இப்படி ஆயிடுச்சு?"

இங்கதான் எல்லாருக்கும் குழப்பம் வருது. எவ்வளவு பலமா சூப்புறாங்கன்னு பாக்குறோம், ஆனா பல்லுக்கு அது பெரிய விஷயமே இல்ல, எவ்வளவு நேரம்ங்கிறதுதான் விஷயம். நாம மெல்லும்போது பல்லு மேல விழுற பாரம் ரொம்ப அதிகம், ஆனாலும் பல் நகர மாட்டேங்குது, ஏன்னா அது ஒரு நொடிக்கும் கம்மியான நேரம்தான். பல் வேருக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு, அதுல கொஞ்சம் திரவம் இருக்கு, திடீர்னு வர்ற பாரத்தை அது மெத்தை மாதிரி தாங்கிடும். ஆனா லேசான அழுத்தம் மணிக்கணக்குல விடாம இருந்தா அந்தத் திரவம் மெதுவா பிதுங்கி வெளிய போயிடும், அப்புறம் அங்க இருக்குற செல்லுங்க வேலையை ஆரம்பிச்சு ஒரு பக்கம் எலும்பைக் கரைச்சு மறுபக்கம் எலும்பை வச்சு, பல் நகர ஆரம்பிச்சிடும். கிளிப் போட்டு பல்லை நகர்த்துறதும் இதே கணக்குதான். ஒரு நாளைக்கு சுமார் 6 மணி நேரம், அதுக்கு மேல அழுத்தம் இருந்தாதான் பல் நகரும்னு சொல்லுவாங்க, கறாரான கோடு இல்ல, தோராயமான அளவு.

அதனால அந்த அம்மாகிட்ட கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு. தூங்கினதும் விரல் தானா வெளிய வந்துடுதா, இல்ல உள்ளயே இருக்கா? அவங்களுக்குத் தெரியல. மூணு நாள் ராத்திரி 11 மணிக்கு, 2 மணிக்கு, விடியுறதுக்கு முன்னாடி 5 மணிக்குன்னு எட்டிப் பாத்தாங்க, கிட்டத்தட்ட எல்லா தடவையும் விரல் வாய்க்குள்ளதான். அப்போ அரை மணி நேரம் இல்ல, 8 மணி நேரத்துக்கும் மேல. இதுவே பகல் முழுக்க விட்டு விட்டு ஜோரா சத்தம் வர சூப்பிட்டு, தூங்கினதும் விரலை விட்டுடுற குழந்தைக்கு பல்லுல ஒண்ணுமே ஆகாம இருக்கலாம்.

சரி, ஓட்டை எப்படி வருது? ரெண்டு விஷயம் ஒண்ணா நடக்குது. ஒண்ணு, விரல் மேல் முன்பல்லை வெளிய தள்ளுது, கீழ் முன்பல்லை உள்ள சாய்க்குது, ரெண்டையும் முழுசா முளைச்சு வர விடாம தடுக்கவும் செய்யுது. இன்னொண்ணு யாரும் யோசிக்காத விஷயம். விரல் உள்ள இருக்குறதால வாய் லேசா திறந்தே இருக்கு, அதனால கடைவாய்ப் பல்லுங்க ஒண்ணை ஒண்ணு தொடாம இருக்கு. எதிர்ல தடுக்க ஆள் இல்லேன்னா பல் இன்னும் கொஞ்சம் வெளிய வளரும். கதவோட கீல் பக்கத்துல ஒரு சின்னக் கல்லு மாட்டிக்கிச்சுன்னா கதவோட மறு ஓரம் எவ்வளவு திறந்து நிக்குது, அதே மாதிரிதான் தாடையும், பின்னாடி 1 மில்லிமீட்டர் கூடினா முன்னாடி சுமார் 2 மில்லிமீட்டர் திறந்துக்கும்.

ஆனா என்னைக் கேட்டா முன்பல் ஓட்டையை விட கவலைப்பட வேண்டியது பக்கவாட்டுல நடக்குற மாற்றம், வெளிய தெரியாததால யாரும் கவனிக்கிறதில்ல. சாதாரணமா வாயை மூடி இருக்கும்போது நாக்கு மேல அண்ணத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், உள்ளேருந்து நாக்கு, வெளியேருந்து கன்னம், ரெண்டும் பல் வரிசையை நடுவுல பிடிச்சு வச்சிருக்கும். விரல் உள்ள போனதும் நாக்கு கீழ இறங்கிடும். உறிஞ்சும்போது கன்னத் தசை வேற உள்ள அழுத்தும், உள்ளேருந்து எதிர்க்க நாக்கு இல்ல, அதனால மேல்தாடை ரெண்டு பக்கமும் ஒடுங்கி, போகப் போக வளைவா இருக்க வேண்டியது முன்பக்கம் கூர்மையா ஆகிடும். அதாவது இந்த ஒடுக்கத்தை விரல் நேரடியா செய்யல, கன்னம் செய்யுது.

ஒடுங்கின மேல்தாடை கீழ்தாடை மேல சரியா உட்காராது, பல்லுங்க முனைக்கு முனை முட்டும். குழந்தைக்கு அது சங்கடமா இருக்கும், அதனால கடிக்கிறப்ப தாடையை ஒரு பக்கமா நகர்த்தி வசதியான இடம் பாத்துக்கும். அப்போ அந்தப் பக்கம் மட்டும் மேல்பல் கீழ்பல்லுக்கு உள்ளாற போயிடும். இதுக்கு கிராஸ் பைட்னு பேரு. வீட்லயே பாக்கலாம், குழந்தையை நேரா உக்கார வச்சு வாயைப் பெருசா திறக்கச் சொல்லுங்க, தாடை நடுவுல இருக்கும், மெதுவா மூடச் சொல்லுங்க, பல் தொட்டதும் தாடை ஒரு பக்கம் வழுக்கிப் போனா அதுதான். நம்ம பொண்ணுக்கு இடது பக்கம் போச்சு.

இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. நிரந்தர முன்பல் முளைக்குறது 6, 7 வயசுல. அதுக்கு முன்னாடி பழக்கம் நின்னுட்டா முன்பல் ஓட்டை பெரும்பாலும் தானாவே மூடிக்கும், உதடு வெளியேருந்து தள்ளும், தடுத்தது போனதும் பல்லும் மிச்சத்தை முளைச்சுக்கும். கிராஸ் பைட் அப்படித் தானா சரியாகும்னு நம்பி இருக்க முடியாது. அதனாலதான் 3 வயசுக்குள்ள நிறுத்தப் பாருங்கன்னு குழந்தைப் பல் டாக்டருங்க சொல்றாங்க, நிறைய குழந்தைங்க 2 வயசுக்கும் 4 வயசுக்கும் நடுவுல தானாவே விட்டுடுவாங்க. கருவுலயே விரல் சூப்புற குழந்தையை ஸ்கேன்ல பாத்திருக்கோம், அது பிறவியிலேயே வர்ற அனிச்சைச் செயல், கெட்ட பழக்கம்னு ஒரு வயசுக் குழந்தையோட கையைத் தட்டி விடுறதெல்லாம் தேவையே இல்ல.

பால் பாட்டிலுக்கும் இதே நேரக் கணக்குதான். பத்து நிமிஷம் குடிச்சு முடிச்சிட்டு எடுத்துட்டா கடிக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது. நிப்பிளை வாய்ல வச்சுக்கிட்டே தூங்குனா அது விரல் செய்யுற வேலையைச் செய்யும், கூடவே இன்னொரு தொந்தரவும் வரும். தூக்கத்துல எச்சில் ஊறுறது ரொம்பக் குறைஞ்சிடும், பால் மேல் முன்பல்லைச் சுத்தி தேங்கி நிக்கும், கீழ் முன்பல்லை நாக்கு மூடிக்கிறதால அது தப்பிச்சுக்கும். மேல் உதட்டைத் தூக்கிப் பாத்தா ஈறு ஓரமா சாக்பீஸ் கலர்ல ஒரு வெள்ளைக் கோடு தெரிஞ்சா அதுதான் சொத்தையோட ஆரம்பம், பழுப்பா மாறுறதுக்குள்ள டாக்டர்கிட்ட காட்டிடணும்.

பாட்டிலை 12 மாசத்துலேருந்து 18 மாசத்துக்குள்ள நிறுத்துறது நல்லது. ஒரே நாள்ல பிடுங்காதீங்க. முதல்ல மத்தியான பாட்டில், அதுதான் குழந்தைக்குக் கொஞ்சம் ஈசி, அதுக்குப் பதிலா கப்புல. நாலஞ்சு நாள் பழகினதும் அடுத்தது. தூங்குறப்போ குடிக்கிற பாட்டில்தான் கடைசி, அதுதான் கஷ்டமும். பாலைக் கப்புல குடுத்து பல் விளக்கி அப்புறம் படுக்க வைங்க, பாட்டில் கேட்டே ஆகணும்னு அழுதா அதுல தண்ணி மட்டும். சிந்தாத மாதிரி அடைப்பு வச்ச சிப்பர் வாங்குறவங்க கவனிங்க, அதுலயும் உறிஞ்சித்தான் ஆகணும், சாதாரண கப்போ ஸ்ட்ராவோ பரவாயில்ல.

விரல் கதை வேற, பாட்டிலை ஒளிச்சு வைக்கலாம், விரலை எங்க ஒளிச்சு வைக்கிறது? நம்ம பொண்ணுக்கு முதல்ல கண்ணாடியில அவ பல்லைக் காட்டினது மட்டும்தான், "இந்த ஓட்டை எப்படி வந்துச்சு தெரியுமா"ன்னு கேட்டதும் அவளே விரலை உள்ள விட்டுப் பாத்து சிரிச்சுட்டா. விடணும்னு அவளுக்குத் தோணாம மேல எதுவும் செஞ்சு பிரயோஜனம் இல்ல. பகல்ல விரல்ல ஒரு பிளாஸ்டர், அவளே ஒட்டிக்குவா, தண்டனையா இல்ல, ஞாபகப்படுத்த. டிவி பாக்குறப்ப ரெண்டு கையிலயும் பிடிச்சுக்க ஒரு பொம்மை. சூப்பாத நாளுக்கு காலண்டர்ல ஒரு ஸ்டிக்கர், சூப்பின நாள் வெறும் கட்டம், அதைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு வீட்ல எல்லாருக்கும் உத்தரவு.

பகல் பத்து நாள்ல சரியாயிடுச்சு. ராத்திரிதான் இழுத்துச்சு, ஏன்னா தூக்கத்துல அவளுக்கே தெரியாம கை போகுது. அதுக்கு முழங்கையைச் சுத்தி எலாஸ்டிக் பேண்டேஜ், இறுக்கமா இல்ல, ரெண்டு விரல் உள்ள போற அளவுக்கு லூசா. கையை மடக்கி விரலை வாய்க்குக் கொண்டு போக முடியும், ஆனா தூக்கம் வந்து தசை தளர்ந்ததும் பேண்டேஜ் மெதுவா கையை நீட்டி விட்டுடும். விரல் நுனி சில்லுன்னு இருந்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழட்டிடணும். அவளுக்கு ஆறு வாரம் ஆச்சு. நடுவுல ஜுரம் வந்தப்போ நாலு நாள் திரும்பவும் சூப்பினா, அதை யாரும் கண்டுக்கல. கசப்பு மருந்து தடவலாமான்னு அம்மா கேட்டாங்க, சில குழந்தைங்களுக்கு வேலை செய்யும்தான், ஆனா அவங்க அதைத் தண்டனையாத்தான் எடுத்துக்குறாங்க, அதே கையால கண்ணைத் தேய்ச்சுட்டா எரிச்சல் வேற, எனக்கு அது பிடிக்காது. நிரந்தரப் பல் வர்ற வயசாகியும் முடியாதவங்களுக்கு அண்ணத்துல ஒட்டுற கம்பி இருக்கு, விரல் போய் உக்காராத மாதிரி தடுக்கும், பழக்கம் விட்டதுக்கு அப்புறமும் சில மாசம் அப்படியே விட்டு வைப்போம். அதுவும் குழந்தை சம்மதிச்சா மட்டும்.

பத்து மாசம் கழிச்சு வந்தப்போ முன்னாடி ஓட்டை அரை மில்லிமீட்டர் கூட இல்ல. வாயைத் திறந்து மெதுவா மூடச் சொன்னேன், தாடை இன்னும் இடது பக்கம்தான் போச்சு. மேல்தாடையை விரிக்க ஒரு எக்ஸ்பாண்டர் வச்சோம், விரிஞ்சதும் உடனே எடுக்காம அதே இடத்துல இன்னும் மூணு மாசம் இருக்கணும்னு சொன்னதும், அவ கேட்ட முதல் கேள்வி அதுக்கும் காலண்டர்ல ஸ்டிக்கர் ஒட்டலாமான்னுதான்.